ஐஸில் வைத்த போத்தல்

"விந்தணு எண்ணிக்கை நல்லாயிருக்கு," என்றார் டொக்டர் தயாளினி. "ஒரு மில்லிலீற்றரில நாலரைக் கோடி. அசைவுதான் பூச்சியம்."

மகனும் மருமகளும் எனக்கு இருபக்கமும் இருந்தார்கள். மகன் பஹ்மி நிலத்தைப் பார்த்தான். மூன்று வருடமாகப் பிள்ளையில்லை என்று எங்கள் வீட்டுப் பெண்கள் மருமகள் ஸல்ஹாவிடம்தான் குறை தேடினார்கள். எங்கள் ஆண்களில் குறை என்று கிண்ணியாவில் எவரும் சொன்னதில்லை.

"ஒண்டுகூடவா அசையல்ல?"

"இல்லை, ஹாஜியார்."

"வடிவம்?"

"நூற்றுக்கு அஞ்சு சரி."

"மிச்சமெல்லாம் பிழையா?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"நாலு சரியா இருந்தாலே காணும். ஆம்பிளையள் எல்லாருக்கும் அப்பிடித்தான். உங்களுக்கும்."

ஸல்ஹா இருமினாள்.

டொக்டர் அறிக்கையைத் திரும்பப் பார்த்தார். "மற்றதெல்லாம் சரியா இருக்க, ஒண்டுமே அசையாதது வழமையில்லை. லாப்பிலயே குடுத்தனீங்களா?"

"வீட்டில எடுத்து, அரை மணித்தியாலத்தில கொண்டு வந்த," என்றான் பஹ்மி.

அது என் உத்தரவு. தெரிந்தவர்கள் பார்க்க என் மகன் லாப்பில் மாதிரி எடுக்கும் அறைக்குள் போவதை நான் விரும்பவில்லை.

"உடம்புச் சூட்டோட அணைச்சுத்தானே கொண்டு வந்தனீங்கள்?"

"ஞாபகமில்ல டொக்டர்."

என்னைக் காப்பாற்றத்தான் மறைக்கிறான் என்று தெரிந்தது. ஸல்ஹா மறைக்கவில்லை. "ஐஸ் பெட்டியில, டொக்டர். இல்லாட்டி பழுதாப் போகுமெண்டு மாமா சொன்னாங்க."

"மீன் பெட்டியா?"

"கழுவின பெட்டி," என்றேன். கரையில் மீன் வாங்கி விற்கும் வாடி நடத்தும் நாங்கள் கெடக்கூடாத எதையும் ஐஸில்தான் வைப்போம்.

டொக்டர் சிரிக்கவில்லை. "குளிரில அசைவு நிண்டு போகும். இந்த அறிக்கையை வச்சு அசைவைப் பற்றி ஒண்டும் சொல்ல ஏலாது. மூண்டு நாலு நாள் சேராம இருந்து, லாப்பிலயே திரும்பக் குடுங்கோ."

அடுத்த வாரம் லாப் வாசல் கதிரையில் நானே போய் உட்கார்ந்தேன். நகரத்தில் கடை வைத்திருக்கும் றஊப் வந்தார்.

"ஆருக்கு வருத்தம், ஹாஜியார்?"

"வருத்தமில்ல. புள்ள பெறுறதுக்கு மகன் சோதினை குடுக்கான்."



இந்த முறை நூற்றுக்கு ஐம்பத்திரண்டு அசைந்தன. எண்ணிக்கை, வடிவம் எல்லாம் சரி. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று டொக்டரின் அறையிலேயே சத்தமிட்டேன்.

"இனி ஸல்ஹாவைப் பார்ப்பம்," என்றார் அவர்.

வெளியே வந்ததும் ஸல்ஹா கேட்டாள்: "அப்ப இனி எல்லாரும் என்னைத்தானே கேப்பாங்க, மாமா?"

என் சந்தோசத்தில் அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் தங்கை ஹுஸ்னியா கைபேசியில் அழைத்தாள்.

"என்ன காக்கா, ஆருல குறையாம்?"

"சோதினை இன்னும் முடியல்ல. முடிஞ்சாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டன். என்ட மருமகள்ட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கப்படாது."

பதிலுக்குக் காத்திராமல் வைத்தேன். ஸல்ஹா என் கையிலிருந்த அறிக்கையை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள்.