லேமினேட் செய்த ஏழு

பூபதி மேசைமேல் வைத்தது ஆறு வருடத்துக்கு முந்தைய இதய எக்கோ ரிப்போர்ட். நனையாமலிருக்க லேமினேட் செய்திருந்தார். கீழே என் கையெழுத்து.

"வால்வு மார்க்கு எட்டுக்குள்ள இருந்தா பலூன் போட்டரலாம்னு சொன்னீங்க மேடம். நமக்கு ஏழுதானுங்க. இப்பப் போட்டுருங்க."

பக்கத்தில் அவர் மனைவி மஞ்சுளா நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு வயது, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வை ஒட்டவைத்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் வால்வின் இதழ்கள் மெல்லியவை, சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகவில்லை, ரத்தக்கட்டியும் இல்லை, கசிவும் இல்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை ஏற்றி விரித்திருந்தால் ஒட்டிய ஓரங்கள் பிரிந்திருக்கும். தேதியும் கொடுத்திருந்தேன்.

பூபதிக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. போர்வெல் போட வடக்கே போனால், வேலை நிற்கும் மழைக்காலத்துக்குத்தான் சொந்த ஊர் எருமப்பட்டிக்குத் திரும்புவார். அந்தத் தேதியில் வண்டி மத்தியப் பிரதேசத்தில் நின்றது. அடுத்த மழைக்கு வந்தபோது மாத்திரையில் மஞ்சுளா தெளிவாக இருந்தாராம். ரிப்போர்ட்தான் பத்திரமாக இருக்கிறதே, அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்று வருடாவருடம் தள்ளிவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியும் கூட்டிப்போக ஆளில்லாமல் நின்றுபோனது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேப்பரை லேமினேட் செய்தால் வால்வு அப்படியே இருக்குமா என்று கத்தியேவிட்டேன்.

எக்கோவை நானே எடுத்தேன். வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நான்கு அம்சங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை மதிப்பெண் போடுவோம்; கூடக்கூட மோசம். இதழ் அசைவுக்கு மூன்று, தடிப்புக்கு மூன்று, சுண்ணாம்புக்கு நான்கு, இதழ்களைப் பிடித்திருக்கும் அடி நார்களுக்கு மூன்று. ஒவ்வொன்றையும் குறைக்கப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கூட்டினால் பதின்மூன்றுதான் வந்தது.

இதழ்கள் சேரும் ஓரங்கள் இரண்டும் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகியிருந்தன. இனிப் பலூனை விரித்தால் ஒட்டிய இடம் பிரியாது, இதழ்தான் கிழியும். வால்வை மாற்றலாமா என்று அறுவை சிகிச்சை டாக்டரிடம் கேட்டேன். நுரையீரல் அழுத்தத்தையும் ஓய்ந்துபோன வலப்பக்க இதயத்தையும் பார்த்துவிட்டு, ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடும் என்றார்.

பூபதியிடம் சொன்னேன். அவர் பழைய ரிப்போர்ட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இது பொய்யா மேடம்?"

"இல்லீங்க. அன்னிக்கு அது நெசம்."

அந்தப் பதிலை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டதோடு என் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன். அந்தத் தேதிக்கு ஏன் வரவில்லையென்று ஒரு போன் செய்து கேட்டதில்லை. கத்துவதற்கு மட்டும் வாய் இருந்தது.

வாசலில் பூபதியின் போன் அடித்தது. அடுத்த வாரம் வண்டி கிளம்புகிறதாம். மஞ்சுளா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இந்தத் தடவ போவாதீங்க. அடுத்த மழைக்கு நானிருக்க மாட்டனுங்க."

ஆறு வருடத்தில் முதல்முறையாக, வரவில்லை என்று பூபதி போனில் சொன்னார்.