ஜான்சியின் உயரம்

அருள் பிரகாஷ் காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்து மோட்டார் போடுவான். தொட்டி நிரம்புவதற்குள் பல் விளக்கி முடிப்பான். பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றுவான். ஒன்று அவனுக்கு. இன்னொன்று ஜான்சிக்கு. ஜான்சி என்பவள் அவனுடைய பி.எட். ரெக்கார்டு நோட்டில் வரும் எட்டாம் வகுப்பு மாணவி. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அடுக்களையில் வந்து நின்றாள். பாலைக் குடித்துவிட்டு ஏழரைக்குப் பையை மாட்டிக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள். அப்போது அவள் உயரம் நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். செப்டம்பர் கடைசி வாரத்தில் நூற்று இருபத்துநான்கு. அதன் பிறகு மேடையிலிருந்து டம்ளரை எடுக்க அவளுக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. அருள் வாங்கி வைத்தான்.

கடலூர் முதுநகரில் அந்தத் தெருவுக்கு இது பெரிய சேதியாக இல்லை. பக்கத்து வீட்டு அந்தோணிமேரி மட்டும் ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யாரு தம்பி அது, சொந்தக்காரப் புள்ளையா?" என்று கேட்டாள். "பெலிசியா எழுதுனது" என்றான். "ஓ" என்றாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஜான்சிக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தாள். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க முடியுமா என்று விசாரித்ததில், ஆதார் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உயரம் குறைந்ததைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

பெலிசியா அவன் மனைவி. மே மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் மூன்றாம் நாள் இறந்தாள். வாயில் குழாய் செருகியிருந்ததால் அந்த மூன்று நாளும் பேசவில்லை. போகும் வழியில் ஆட்டோவில் ஏதோ சொன்னாள். பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "என்ன?" என்று கேட்டான். கையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. அதன்பின் அருள் பள்ளியில் பாடம் நடத்தத் தேவையானதைத் தவிர அதிகம் பேசவில்லை.

மிச்சம் இருந்தது ரெக்கார்டு நோட்டு. ஆசிரியர் பயிற்சி முடித்துத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் தபால் வழியில் பி.எட். படிப்பது இங்கே சாதாரணம். சனி, ஞாயிறுகளில் சிதம்பரத்தில் உள்ள மையத்தில் வகுப்பு. அதில் கேஸ் ஸ்டடி என்று ஒன்று உண்டு. படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து நான்கு மாதம் கவனித்து எழுத வேண்டும். குடும்பப் பின்னணி, உடல்நலம், மதிப்பெண், நேர்காணல், வகுப்பில் யாருக்கு யார் நண்பர் என்று காட்டும் வட்டப் படம், காரணம் என்னவாக இருக்கும் என்ற ஊகம், எடுத்த நடவடிக்கை, அதன் பலன். நாற்பது பக்கம். கோடு போட்ட பக்கத்தில் எழுத்து, எதிரே வெள்ளைப் பக்கத்தில் படமும் அட்டவணையும். கையால்தான் எழுத வேண்டும். யார் கை என்று யாரும் கேட்பதில்லை. அருளின் கையெழுத்து மோசம். பெலிசியாவின் எழுத்து அரிசி மாதிரி பொடியாக, வரிசையாக இருக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அவளே எழுதினாள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை வைத்து எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அருள் கையொப்பம் மட்டும் போட்டான். அவள் இறந்தபின் நோட்டைத் திறக்கவில்லை.

ஜான்சி நோட்டில் உள்ளதைத்தான் பேசுவாள். அதுவும் நோட்டில் உள்ள கேள்வியை வார்த்தை மாறாமல் கேட்டால்தான். தற்செயலாக நான்கைந்து கேள்விகள் அவனுக்கு அகப்பட்டிருந்தன. உனக்குப் பிடிக்காத பாடம் எது என்றால், "எனக்குக் கணிதம் பிடிக்காது. கரும்பலகையில் உள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன" என்பாள். பெலிசியா அப்படிப் பேசுகிறவள் இல்லை. எழுதும்போது இப்படி எழுதுவாள் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். தினமும் காலையில் அந்தக் கேள்வியைக் கேட்டான். பெலிசியாவின் வார்த்தைகள் ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் அவனுக்குக் கிடைத்தன. அது போதுமாக இருந்தது.

தள்ளிப்போன வாய்மொழித் தேர்வு அக்டோபரில் ஒரு திங்கள்கிழமை என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, சிதம்பரத்திலிருந்து ராஜ்கமல் வந்தான். இருவரும் ஆசிரியர் பயிற்சியில் ஒரே பெஞ்ச். அட்டை போடுவதற்கு நல்ல பிரவுன் பேப்பர் கடலூரில்தான் கிடைக்கும் என்று வந்தவன், உண்மையில் நண்பனைப் பார்க்க வந்தான். அடுக்களை வாசலில் நின்றுவிட்டான்.

"மச்சான், ரேகா இங்க என்னடா பண்றா?"

"ஜான்சி" என்றான் அருள்.

"ரேகாடா. காலையில எங்க வூட்டுல எனக்கு வச்சிருந்த இட்லில நாலைத் தின்னுட்டு உக்காந்திருந்தா. நான் அஞ்சரை பாசஞ்சர புடிச்சு வரேன். எனக்கு முன்னாடி எப்படி வந்தா?"

"எவ்ளோ உயரம்?"

"நூத்தி இருபத்தினாலு. போன மாசம் சுருங்கிட்டா. எங்க அம்மா அவளுக்கு சத்துமாவு கரைச்சுக் குடுக்குது." அவன் குனிந்து, பள்ளிக்கூடக் குரலில், "உனக்குப் பிடிக்காத பாடம் எது?" என்று கேட்டான்.

"எனக்குக் கணிதம் பிடிக்காது. கரும்பலகையில் உள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன" என்றாள் ஜான்சி.

ராஜ்கமல் முக்காலியில் உட்கார்ந்தான். "எங்கேர்ந்து மச்சான் அடிச்ச?"

"பெலிசியா எழுதுனது."

"யாரு எழுதுனாங்கன்னு கேக்கல. எதப் பாத்து எழுதுனாங்க?"

அவன் பையிலிருந்து ஸ்பைரல் போட்ட ஒரு ஜெராக்ஸ் கைடை எடுத்தான். முன்அட்டை இல்லை. சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்து எழுத்து வெளுத்திருந்தது. அருள் உள்ளே போய் பெலிசியாவின் தையல் மிஷின் அடியில் துணிகளை விலக்கிப் பார்த்தான். அதே கைடு இருந்தது. பக்க ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்ன டிக். ஒவ்வொரு நாளும் எதுவரை எழுதினாள் என்பதற்கான அடையாளம்.

கைடில் மாணவிக்குப் பெயர் கிடையாது. 'அ' என்று போட்டிருக்கும். வாங்குகிறவர்கள் பெயரையும் ஊரையும் அப்பாவின் தொழிலையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ராஜ்கமல் மீன் வியாபாரி என்று எழுதியிருந்தான். பெலிசியா குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை என்று எழுதியிருந்தாள். எண்களை யாரும் மாற்றுவதில்லை. மாற்றினால் அட்டவணை, வரைபடம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கைடு அச்சிட்டவர் ஜூன் உயரத்தை 142 என்றும் செப்டம்பர் உயரத்தை 124 என்றும் போட்டிருந்தார். அது அச்சுப் பிழை. எழுதுகிற கை எண்ணைப் படிப்பதில்லை, பார்த்து வரைகிறது. இரண்டு நோட்டிலும் அந்தப் பிள்ளை சுருங்கிவிட்டாள்.

இதில் ஆபத்து இருந்தது. வேறு வேறு ஆண்டில் ஒரே கேஸ் வந்தால் யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் ஒரே மேசைக்கு வந்தால் இரண்டும் ரத்து. இரண்டு பேரும் ஒரு வருடம் உட்கார வேண்டும். வரப்போகிற வெளித்தேர்வாளர் உயர அட்டவணையைத்தான் முதலில் திறப்பார் என்று பெயர் வாங்கியவர்.

"ஒருத்தன் விலகணும்" என்றான் ராஜ்கமல். "சீட்டு குலுக்கிடலாமா?"

அருள் கேட்டது வேறு. "அவ எழுதுனது எதுவும் இல்லையா இதுல?"

ராஜ்கமல் நண்பனின் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைடை உரக்கப் படிக்கத் தொடங்கினான். அருள் நோட்டைத் திறந்து, ஒரு ஸ்கேலை வைத்து பெலிசியாவின் வரிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தான். குடும்பப் பின்னணி, அப்படியே. உடல்நலம், அப்படியே. மாணவியின் வீட்டுக்குப் போன தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அவள் பள்ளிக்கு வந்ததாகவும் பதிவு இருந்தது. அதுவும் இரண்டிலும் அப்படியே. பிடிக்காத பாடம் எது என்ற கேள்வி வந்தது. கணிதம், கரும்பலகை, மங்கல். ஐந்து மாதம் அவன் காலையில் கேட்டுவந்த இரண்டு வாக்கியமும் கைடுக்காரருடையவை.

"போதும்டா. எல்லாம் கைடுதான்" என்றான் அருள். "என்னோடத கொண்டு போய் எடைக்குப் போட்டுடு. நீ திங்கக்கிழம போ."

"இருடா. இருபத்தேழாம் பக்கம் பாதியில நிக்குது." ராஜ்கமல் தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "நேர்காணல்ல பத்து கேள்விதான். என்னுதுல பத்து. கைடுல பத்து. இதுல பதினொண்ணு இருக்கு."

காரணம் இடம். ஒவ்வொரு தலைப்பும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும். பக்கத்தின் அடியில் காலியாக விட்டால் கையொப்பம் போடும் ஆசிரியர் சிவப்பு மையில் குறுக்கே கோடு இழுத்துவிடுவார். நோட்டு அசிங்கமாகிவிடும். ராஜ்கமலின் எழுத்து பெரிது, பத்துக் கேள்வியிலேயே பக்கம் நிரம்பியது. பெலிசியாவின் எழுத்து பொடி. ஐந்து வரி மிஞ்சியது. கைடில் அதற்கு ஒன்றும் இல்லை. அவளே நிரப்பியிருந்தாள்.

ராஜ்கமல் அந்த ஐந்து வரியைப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். பிறகு தன் நோட்டின் பழைய பிரவுன் அட்டையில் ஒரு துண்டு கிழித்து, கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, பதிலின் மேல் வைத்து ஸ்டேப்ளர் அடித்தான்.

"இத நீ படிக்காதடா. கேட்டுக்க. அதுக்குத்தான் புள்ள இருக்குல்ல?"

ஏழரை எப்போதோ ஆகியிருந்தது. ஜான்சி போய்விட்டிருந்தாள்.

சமர்ப்பித்த ரெக்கார்டு திரும்பி வராது. மையத்தின் கிடங்கில் இரண்டு வருடம் கிடந்துவிட்டுக் கூழாகப் போகும். அருள் அதை முன்பு யோசித்ததில்லை. இப்போது யோசித்தான். திங்கள்கிழமை தேர்வுக்குப் போகவில்லை. ஒரு வருடம் போயிற்று. ராஜ்கமல் போனான். தேர்வாளர் உயர அட்டவணையைத் திறந்து, "சார், பிள்ளை ஏன் சுருங்கிச்சு?" என்று கேட்டார். "எங்க வூட்டுலயும் அதத்தான் கேக்குறாங்க சார்" என்றான் ராஜ்கமல். அவர் சிரித்துவிட்டு ஒரு மதிப்பெண் குறைத்தார். அன்று மாலை ரேகா அவன் வீட்டை விட்டுக் கிளம்பி மையத்துக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஏற்கெனவே அறுபது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் நூற்று இருபத்துநான்கு சென்டிமீட்டர். ராஜ்கமலின் அம்மா மாதம் ஒருமுறை சத்துமாவு கொடுத்தனுப்பினாள், ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று அறுபத்தொரு பேருக்கும். கிடங்கின் வாட்ச்மேன் கலியமூர்த்தி அதை வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்.

அடுத்த வருடம் அருள் தன் வகுப்பில் உண்மையாகவே கண் மங்கலாகத் தெரிந்த ஒரு மாணவனைக் கவனித்து, தன் மோசமான கையெழுத்தில் தானே எழுதித் தேறினான். அந்த மாணவன் கண்ணாடி போட்டுக்கொண்டான். ஜான்சி ஜூனில் நூற்று நாற்பத்திரண்டுக்கு வளர்ந்து, செப்டம்பரில் நூற்று இருபத்துநான்குக்கு இறங்கினாள். அதற்கடுத்த வருடமும் அப்படியே. அந்தோணிமேரி தைத்துக் கொடுக்கும் பாவாடைகளில் மடிப்பு அதிகம் வைக்கக் கற்றுக்கொண்டாள்.

பதினோராவது கேள்வியை அவன் நெடுநாள் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் கேட்டதாகிவிடும். பிறகு ஒரு புதன்கிழமை காலை, மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"உன் வீட்டில் உனக்குத் தொந்தரவாக இருப்பது எது?"

ஜான்சி டம்ளரை மேடையில் வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுல ஒருத்தரு ஸ்கூல்லேர்ந்து வந்து செருப்பக் கழட்டுறப்பவே பேச ஆரம்பிச்சிடுவாரு. நான் சோறு வடிச்சு எறக்குற வரைக்கும் வாய மூட மாட்டாரு. பேசட்டும். நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் ஜாஸ்தி பேசுவாரு."