பத்து சதவீதத்தில் அண்ணன்

ஆண்டுக் கணக்கு முடிக்கிற வாரம். பெயின்ட் மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வர வேண்டிய பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்து, வராமல் போகலாம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டாள். கெடு தாண்டாத நாற்பது லட்சத்துக்கு ஒரு சதவீதம். தாண்டி ஒரு மாதத்துக்குள் இருக்கும் இருபது லட்சத்துக்கு மூன்று. இரண்டாம் மாதத்தில் பத்து லட்சம், அதற்குப் பத்து. மூன்றாம் மாதத்தில் ஆறு லட்சம், இருபத்தைந்து. அதையும் தாண்டிய நாலு லட்சத்துக்குப் பாதி. முந்தைய வருடங்களில் எவ்வளவு வராமல் போனது என்று பார்த்துப் போட்ட விகிதங்கள். மொத்த ஒதுக்கீடு ஐந்தரை லட்சம். போன வருடமே நாலு லட்சம் ஒதுக்கியிருந்ததால் லாபத்தில் ஒன்றரை லட்சம்தான் குறையும். காலையில் அதைக் கேட்டு முதலாளி நிம்மதியாகத் தலையாட்டினார்.

அந்தப் பத்து சதவீதக் கட்டத்தில் அவளுடைய அண்ணன் கடையும் இருந்தது. பாக்கி இரண்டு லட்சம். கணக்குப்படி இருபதாயிரம் ஒதுக்கினால் போதும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணி சொல்லியிருந்தாள். "அடுத்த மாசம் கடைய மூடுறாரு. யாருக்கும் குடுக்க கையில ஒண்ணுமில்ல. வெளிய சொல்லிடாத."

மதியம் வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பிறகு அண்ணனை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துத் தனியாக எழுதி, இரண்டு லட்சத்தையும் முழுசாக ஒதுக்கினாள்.

புது எண்ணைப் பார்த்த முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "காலையில ஒன்றரைன்னு சொன்னீங்க. இப்ப மூணேகாலத் தாண்டுது போலயே."

"மூணு முப்பது சார். ஒரு கடைய மட்டும் தனியா எடுத்துட்டேன்."

"ரெண்டு மாசம்கூட ஆகலயேம்மா. பத்து சதவீதம்தானே?"

"அது மொத்தக் கூட்டத்துக்குப் போடுற கணக்கு, சார். ஒருத்தர் குடுக்கமாட்டார்னு தெரிஞ்சப்புறம் அவர அதுல வெச்சிருக்கக் கூடாது."

"எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணன் கடை."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு குடோனுக்குப் போன் செய்து, அண்ணன் கடைக்கு ஏற்றிக்கொண்டிருந்த சரக்கை இறக்கச் சொன்னார். "கஷ்டமாத்தான் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் அண்ணனே போன் செய்தான்.

"நீதானா?"

"ஆமாண்ணே."

"அந்த லோடு வந்திருந்தா வந்த வெலைக்குத் தள்ளி வாடகை பாக்கியக் கட்டியிருப்பேன்."

"அப்ப எங்க பாக்கி இன்னும் ஏறியிருக்கும்."

"தெரியும்." அவன் குரலில் கோபம் இல்லை, ஓய்ந்துபோயிருந்தது. "உங்க அண்ணி உங்கிட்டப் பேசமாட்டா, கொஞ்ச நாளைக்கு."

"சரிண்ணே. பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

"ம்."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கைப்பையை மடியில் வைத்து அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.