சீட்டுக்கு அடியில் இருந்த சொல்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இறக்குமதியாகும் அழகுப் பொருள்களின் பெட்டிகளைக் கிடங்கில் படமெடுத்து அனுப்புவார்கள். அதிலுள்ள கொரிய எழுத்தைத் தமிழாக்கி, மேலே ஒட்டும் லேபிளுக்கு வாசகம் தருவது அவள் வேலை.

அன்று வந்த முகக் கிரீம் படத்தில் எட்டு இலக்கங்கள்: ஆண்டு, மாதம், நாள். கீழே பேட்ச் எண். ஓரத்தில் மூடி திறந்த டப்பா போல ஒரு குறி, அதற்குள் 12M. முந்தைய நாற்பது பெட்டிகளிலும் தேதிக்குப் பின்னால் ‘வரை’ என்று பொருள்படும் கொரியச் சொல் இருந்தது. அந்தப் பழக்கத்தில் இதற்கும் ‘பயன்படுத்தக் கடைசி நாள்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். அந்த நாளோ போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

அன்று மதியத்துக்குள்ளேயே மேனேஜர், வந்திருந்த அறுநூறு கிரீம் பெட்டிகளையும் அழிக்க உத்தரவிட்டார். காலாவதியான சரக்கைக் கவனிக்காமல் வாங்கி வைத்ததாகக் கிடங்குப் பொறுப்பாளர் மேல் பழி விழுந்தது. அவர் அவளுடைய அக்கா கணவர். நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டார்களாம்.

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தேதியை ஒட்டினாற்போல் கிடங்கின் இருப்புச் சீட்டு. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தானை அழைத்தாள்.

“அத்தான், அந்தச் சீட்டு நீங்க ஒட்டினதா?”

“ஆமாம்மா. என் வேலைக்கும் ஒரு காலாவதி தேதி போட்டு ஒட்டிடு, பொருத்தமா இருக்கும்.”

“கிண்டல் அப்புறம். கிழியாம மெதுவா உரிச்சு, படம் எடுத்து அனுப்புங்க.”

புதுப் படத்தில் தேதிக்குப் பின்னால் இருந்தது ‘தயாரிப்பு’ என்ற சொல். மேனேஜரிடம் போய், தவறு தன்னுடையது என்று சொன்னாள். அவர், அப்படியானால் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டிக் கடைசி நாளாகப் போட்டுவிடலாமே என்றார்.

“கூடாது சார். அந்தப் பன்னிரண்டு மாசம் டப்பாவைத் திறந்த நாள்லேருந்து எண்ணணும். திறக்காத டப்பாவுக்கு இது கணக்கே இல்லை. பேட்ச் எண்ணை அனுப்பித் தயாரிச்ச கம்பெனியையே கேட்போம்.”

பேட்ச் எண்ணில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. உள்ளபடி எடுத்தெழுத வேண்டும். நடுவிலிருந்தது ஆங்கில எழுத்து ‘O’வா, பூஜ்யமா? அத்தானிடம் கையிலுள்ள பெட்டியைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். பூஜ்யம்தான். அதற்கு மேலும் இரண்டு பெட்டிகளைப் பார்க்க வைத்தாள்.

மறுநாள் பதில் வந்தது: திறக்காமல் இருந்தால் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அழிக்கும் உத்தரவு ரத்தானது. அத்தானை மறுபடி வரச் சொன்னார்கள்.

அதன் பிறகு கிடங்கிலிருந்து வரும் படங்களில் இருப்புச் சீட்டு பெட்டியின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. தேதி நன்றாகத் தெரிய, மடிப்பை அமுக்கிப் பிடித்த அத்தானின் கட்டைவிரலும் படத்தில் இருந்தது. அது பேட்ச் எண்ணின் பாதியை மறைத்தது.

அவள் போனை எடுத்தாள்.