எந்தத் தோள்

சாவித்ரி மாமி பையிலிருந்த பட்டுப் புடவையை எடுத்துத் தையல் மெஷின்மேல் போட்டாள். தீபா நாற்காலியை நகர்த்தினாள். மாமி உட்காரவில்லை.

"இது ஐயராத்துக் கட்டு. முந்தானை வலது தோள்ல வரது. ஐயங்கார் எங்களுக்கு இடது. நாளன்னிக்குத் திருநீர்மலையில எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். இதைக் கட்டிண்டு போய் நின்னா நாத்தனார் சிரிக்க மாட்டாளா?"

தீபா புடவையை விரித்துப் பார்த்தாள். காலை நுழைத்து மேலே ஏற்றிக் கொக்கி மாட்டினால் போதும் என்கிற மாதிரி, ஒன்பது கஜப் புடவையை மடிசாராகத் தைத்துக் கொடுப்பது முடிச்சூரில் அவள் வீட்டுத் தொழில். பாதி வேலை மாமியின் காலனியிலிருந்து வருவது. அங்கிருந்து வந்த எல்லாருக்கும் இதுவரை வலது தோள்தான். இதையும் அப்படியே தைத்துவிட்டாள். கேட்கவில்லை.

"கூலியைத் திருப்பிக் கொடு. புடவைக்கும் பதில் சொல்லு. இல்லேன்னா காலனி வாட்ஸப் குரூப்ல போட்டுடுவேன்."

உள்ளேயிருந்து மாமியார் கிளியம்மாள் வந்தாள்.

"இன்னாம்மா, எந்தத் தோளுன்னு நீ சொன்னியா? மடிசார்னு மட்டும்தானே போன்ல பேசி அனுப்பிச்சே? அத்தப் போட்டுக் காட்டு தீபா!"

"எங்காத்துக்காரர்தானே பணம் அனுப்பினார்? ஸ்ரீநிவாசராகவன்னு பேர் வந்திருக்குமே. அதைப் பார்த்தாத் தெரியாதா?"

"பேர்ல தோளு எழுதிக்கீதா?"

"அத்தை, பால் பொங்குது பாருங்க."

அடுப்பில் பால் இல்லை. கிளியம்மாள் மருமகளை முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாமியின் குரல் தீபாவின் போனில் இருந்தது. போட்டுக் காட்டினால் வாதத்தில் ஜெயிக்கலாம். ஜெயித்தால் மாமி போய்விடுவாள். காலனியும் பின்னாலேயே போய்விடும். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் கேட்டிருக்கணும் மாமி. கேக்காமத் தைச்சது என் தப்பு. கூலி இப்பவே அனுப்பிடறேன்." அங்கேயே மாமியின் எண்ணுக்கு அனுப்பினாள். மாமியின் பையில் போன் ஒலித்தது.

"புடவைய நான் வெட்டல, மடிச்சுதான் தைச்சிருக்கேன். பிரிச்சு இடது பக்கமா மாத்திடலாம், காசு வேணாம். ஆனா பட்டு. ஊசித் துளை தெரியும். இதோ, இந்த இடுப்பு ஓரத்துல. கட்டினா மடிப்புக்குள்ள போயிடும். போகாதது ஒண்ணு ரெண்டு இருந்தா அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மாமி அந்த ஓரத்தை விரலால் தடவினாள். புடவையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மாலையில் குரூப்பில் வந்துவிட்டது. 'முடிச்சூர் தீபாவிடம் கொடுப்பவர்கள் ஜாக்கிரதை. முறை தெரியாமல் தைக்கிறாள்.' கீழே கேள்விகள். தைக்கக் கொடுத்திருந்த ஒருத்தி போன் செய்து, இன்னும் தைக்காவிட்டால் பரவாயில்லை, புடவையை அப்படியே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

"அந்தம்மா பேசினத நீயும் போடு. ஊரே கேக்கட்டும்" என்றாள் கிளியம்மாள்.

"போட்டா அவங்க வாய மூடலாம் அத்தை. நாளைக்கு எவ நம்மகிட்ட வருவா?"

தீபா நான்கைந்து முறை எழுதி அழித்தாள். கடைசியில் போட்டது இவ்வளவுதான்: 'மாமி சொல்வது சரி. நான் கேட்காமல் தைத்துவிட்டேன். கூலியைத் திருப்பிவிட்டேன். புடவை வந்தால் இன்றே மாற்றித் தருகிறேன்.' அதன்பின் யாரும் எதுவும் எழுதவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. 

காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. மாமி அதே பையோடு வந்து, இந்த முறை உட்கார்ந்தாள்.

"தாம்பரம் முழுக்கக் கேட்டாச்சு. ஒருத்தரும் இந்த அவசரத்துல தொட மாட்டேங்கறா. என் கண் முன்னாலயே பிரி."

தீபா பிரித்தாள். மாமி பார்வையை எடுக்கவில்லை. கிளியம்மாள் காப்பி கொண்டுவந்து சத்தமாக வைத்தாள். மாமி குடிக்கவில்லை, ஆறிப்போனது. மத்தியானம் கட்டிப் பார்த்தார்கள். முந்தானை இடது தோளில் விழுந்தது. இடுப்பருகே ஒரே ஒரு துளை மடிப்பில் மறையாமல் நின்றது. மாமி கண்ணாடியில் அதைத்தான் பார்த்தாள்.

"தெரியறது."

"தெரியுது மாமி."

மாமி கழற்றி மடித்தாள். கூலியைப் பற்றிப் பேசவில்லை. குரூப்பைப் பற்றியும் பேசவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, பையின் அடியிலிருந்து இன்னொரு புடவையை எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

"என் பொண்ணோடது. ஆவணி அவிட்டத்துக்கு வேணும்."

"எந்தத் தோள் மாமி?"



"அவ ஐயராத்துக்குப் போனவ. வலது."