விரல் நிற்கும் இடம்

கையேட்டுக்காரருக்கு வாயை மூடிக்கொண்டு உட்காருவதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது. ஆனால் அதுதான் அவர் பிழைப்பில் பாதி. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இயந்திரம் செய்கிற கம்பெனியில் அவர் ஆங்கிலத்தில் கையேடு எழுதுகிறார். படிக்கப்போகிறவர்கள் ஆங்கிலத்தை இரவல் வாங்கிப் பேசுகிறவர்கள். எங்கோ ஒரு நாட்டில், மூச்சு வாங்கும் அப்பாவைப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, மடியில் அகராதியோடு ஒரு மகள் படிப்பாள். அவளுக்குப் புரிய வேண்டும்.

புரிகிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவரிடம் தாளையும் இயந்திரத்தையும் கொடுத்துவிட்டு, எழுதியவர் கப்சிப் என்று உட்கார வேண்டும். படிக்கிற விரல் எங்கே நிற்கிறதோ அங்கே குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. கையேட்டோடு எழுதியவரையும் மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாதே!

இருபது வருஷமாக அந்த விரல் அவருடைய மனைவியின் விரல். முன்னறையில் தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன ஆங்கிலம் அவளுடையது. ஆரம்பத்தில் வரிக்கு மூன்று இடத்தில் நிற்பாள். "இது என்ன கண்றாவி? ஒரு வரியில நாலு வேலை சொல்றீங்க. எனக்கு என்ன நாலு கையா?" என்பாள். அவர் வெட்டுவார். ஒரு வரிக்கு ஒரு வேலை. ஒரு பொருளுக்கு ஒரே பெயர். அவளைக் கொண்டுதான் அவர் எழுதவே கற்றுக்கொண்டார் என்றால் மிகையில்லை.

அந்தப் பெருமை அவளுக்கும் உண்டு. ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "நான் படிச்சு சரின்னு சொன்னாத்தான் அவங்க கம்பெனியில அச்சுக்கே போகும்" என்பாள்.

புதுக் கையேடு போன மாதம் கடல் கடந்து போனது. போன வேகத்தில் புகார் வந்தது. பதினொரு மின்னஞ்சல், எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: 'பெட்டியில் எலும்பு இல்லையே, எப்போது அனுப்புவீர்கள்?'

மேலாளரம்மா அவரைக் கூப்பிட்டாள். வடிகட்டியைக் கழுவி நன்றாகக் காயவைக்கச் சொல்லும் இடத்தில், 'எலும்பாக உலர்ந்ததும்' என்கிற ஆங்கில வழக்கைப் போட்டிருந்தார் மனிதர். கூடவே, காற்றின் அளவைத் திருப்புகிற ஒரே குமிழுக்கு மூன்று பக்கத்தில் மூன்று பெயர். பாவம், அந்த ஜனங்கள் மூன்று குமிழைத் தேடியிருக்கிறார்கள்.

"சார், இதை யாரும் படிச்சுப் பார்க்கலையா?"

"படிச்சாங்க மேடம். விரல் எங்கயுமே நிக்கல."

மேலாளரம்மா சோதனைப் படிவத்தைத் தள்ளினாள். 'படித்தவருக்கும் எழுதியவருக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று இருந்தது. படித்தவரின் கையெழுத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "யார் சார் இவங்க?"

அவர் மென்று விழுங்கினார். "வீட்டம்மா."

மேலாளரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், நீங்க வாயே திறக்காட்டியும் அவங்களுக்குப் புரியும். அதுக்குப் பேரு கல்யாணம், சோதனை இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஆளை வச்சுப் பாருங்க. அவங்க வேண்டாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தபோது அவருக்கே விளங்கிற்று. வருஷத்துக்கு வருஷம் அவள் விரல் நிற்பது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அவரோ, எழுத்து தேறிவிட்டது என்று உச்சி குளிர்ந்து போயிருந்தார். தேறியது அவள். அவள் நிற்காததால் இவருடைய வாக்கியம் ஊளைச்சதை போட்டுவிட்டது. சரி, இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

இரண்டு நாள் சுற்றி வளைத்தார். "உனக்கும் கண்ணு வலிக்குது பாரு" என்றார். "தையலே தலைக்கு மேல கெடக்கு" என்றார். "மாடிவீட்டுல புதுசா வந்திருக்கே அந்தப் பொண்ணு, ஆங்கிலம் சுமாராத்தான் வருமாமே" என்றும் போட்டுப் பார்த்தார். வேறு நாட்டிலிருந்து வந்து ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற பெண் அவள்.

மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஒரு வரிக்கு ஒரு விஷயம். சொல்லுங்க."

"இந்த வேலைக்கு நீ இனிமே வேண்டாம்."

சொல்லிவிட்டார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எலும்புக் கதை, குமிழ்க் கதை, மேலாளரம்மா சிரித்தது எல்லாவற்றையும் அவர் கொட்டினார். அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் விரல் நின்றது. பல வருஷத்துக்குப் பிறகு அப்படி நின்றது.

"இருபது வருஷமா எனக்கும் உங்களுக்கும் ஒரு உறவும் இல்லையா?"

"சொந்தக்காரங்க படிக்கக் கூடாதும்மா. சட்டம். உன்னை விட்டுட மனசில்லாம..."

"நல்லா இருக்கு போங்க!" எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று தட்டு விழுந்த சத்தத்திலேயே அவருக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

காலையில் அவர் முன்னால் ஒரு பழைய நோட்டு கிடந்தது. முதல் வருஷங்களில் தான் தடுக்கி விழுந்த ஒவ்வொரு சொல்லையும் அவள் அதில் எழுதி வைத்திருந்தாள்.

"எனக்கு இப்ப எல்லாம் புரியுது, அதனால நான் படிக்க லாயக்கில்ல. சரி, ஒத்துக்கறேன். ஆனா புரியாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது மறந்தே போச்சு. உட்காருங்க."

உட்கார்ந்தார். தையல் கத்தரியை வைத்தே வெட்டினாளோ என்னவோ, எட்டுப் பக்கம் மூன்றாயிற்று. எலும்பு போயிற்று. குமிழுக்கு ஒரே பெயர். 'வடிகட்டியைக் கழுவவும். அதை முழுவதும் உலர விடவும். ஈரமான வடிகட்டியைப் பொருத்த வேண்டாம்.'

வியாழன் மாலை மாடிவீட்டுப் பெண் வந்தாள். தாளைப் பார்த்தாள், இயந்திரத்தின் குடுவையில் இரண்டு கோட்டுக்கு நடுவே தண்ணீர் ஊற்றினாள், குழாயை மாட்டினாள், குமிழைத் திருப்பி, காற்றின் அளவைக் காட்டும் குட்டிப் பந்தை உரிய கோட்டில் நிறுத்தினாள். கையேட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகு வடிகட்டியைக் கழுவினாள், துண்டில் ஒற்றினாள், தாளைப் பார்த்தாள். விரல் நின்றது. 'முழுவதும் உலர' என்ற இடத்தில்.

அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. மனைவி மேசைக்கடியில் அவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சின்னதாக ஒன்றே ஒன்று கேட்டாள்: "இப்போது என்ன யோசிக்கிறாய்?"

"மேலே உலர்ந்திருக்கிறது. உள்ளே எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

கையேட்டுக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். இத்தனை மணி நேரம் காயவிடவும் என்று போடலாமா? மழைக்காலத்தில் அது பொய்யாகிவிடுமே.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? துணி உள்ளே காஞ்சுதான்னு நான் எப்படிப் பார்க்கிறேன்?" என்ற மனைவி, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வடிகட்டிமேல் வைத்து அழுத்தினாள். தாள் நனைந்தது. அவர் எழுதினார்: 'காய்ந்த காகிதத்தை அதன்மேல் அழுத்தவும். காகிதம் நனைந்தால், இன்னும் காத்திருக்கவும்.'

மாடிவீட்டுப் பெண் படித்தாள். விரல் நிற்காமல் போயிற்று. எழுதியவர் மகா சமர்த்தர் என்று நினைத்தாளோ என்னவோ, அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் மனைவியைக் கை காட்டினார்.

அந்தப் பெண் போன பிறகு படிவம் மிச்சமிருந்தது. படித்தவருக்கு உறவு எதுவும் இல்லை. இம்முறை அது நிஜம். அடியில் 'திருத்தியவர்' என்று ஒரு கட்டம். இத்தனை வருஷமும் கோடு கிழித்துவிட்ட கட்டம். அதில் ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதி அவள் பக்கம் திருப்பினார்: 'என் மனைவி.'

அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். விரல் அந்த இரண்டு சொல்லின்மேல் வெகுநேரம் நின்றது.

"என்னம்மா, புரியலையா?" என்று பதறினார்.

"புரியுது, பேசாம இருங்க" என்றாள்.