கண்ணாடிப் பெட்டிக்குள் அறுபத்தொன்று

நூற்பாலையில் ஈரப்பதக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவனை எல்லோரும் 'மேகம்' என்று கூப்பிட்டார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும்; அது குறையாமல் தண்ணீர்த் தூவிகளைத் திறந்து மூடுவது அவன் வேலை. அவனுடைய அக்கா அதே கூடத்தில் நூல் நூற்கும் ஃபிரேம் ஆறு ஓட்டினாள். அவளை மேலதிகாரிகள் உட்பட எல்லோரும் 'அக்கா' என்றே அழைத்தார்கள். அதனால் மேகத்துக்கு அக்காவைப் பற்றிப் புகார் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

மூன்று வாரமாக அக்காவின் ஃபிரேம்களில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒன்றை ஒட்டிவிட்டு நிமிர்வதற்குள் நான்கு அறுந்தன. பஞ்சுத் துகள் அவள் கையில் சிலிர்த்து நின்ற மயிரில் வந்து ஒட்டிக்கொண்டது, ஏதோ சொந்தக்காரன் மாதிரி.

அன்று காலை சூப்பர்வைசர் வந்தார். கையில் இடமாற்றச் சீட்டு.

"பஞ்சு சரியா இருக்கு, மெஷின் சரியா இருக்கு, காத்துல ஈரம் அறுபத்தொண்ணு சதவீதம். சரியில்லாதது கை ஒண்ணுதான். திங்கக்கிழமையில இருந்து நீங்க கழிவுப்பஞ்சு அறைக்குப் போயிடுங்கக்கா."

"ஈரம் அறுபத்தொண்ணுன்னு யாரு சொன்னா?"

"உங்க தம்பிதான். பதிவேட்டுல இருக்கே."

"மதியம் வரைக்கும் டைம் குடுங்க சார்."

அவர் கொடுத்தார். சீட்டில் இன்னும் கையெழுத்து போடவில்லை. பேனா மேல்மாடியில் இருந்தது.

கூடத்தின் மூலையில் இரண்டு வெப்பமானிகள் தொங்கின. ஒன்று உலர்குமிழ். இன்னொன்று ஈரக்குமிழ்; அதன் அடியில் ஈரத்திரி சுற்றி, திரியின் நுனியைத் தண்ணீர்க் குப்பியில் தொங்கவிட்டிருந்தது. பக்கத்தில் அட்டவணை: இரண்டுக்கும் வித்தியாசம் கூடக் கூட, காற்றில் ஈர சதவீதம் குறைவு. போன மாதம் திரியில் பஞ்சு படிந்ததற்கு மேகம் திட்டு வாங்கினான். ரோஷம் பொத்துக்கொண்டு வர, எல்லாவற்றையும் சேர்த்து மூடுகிறாற்போல் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, பூட்டும் போட்டுவிட்டான். நகைக்கடைக்காரன்கூட அப்படிப் பூட்டியிருக்க மாட்டான்.

"சாவியக் குடுடா."

"எதுக்குக்கா? பாரு, உலர்குமிழ் முப்பது, ஈரக்குமிழ் இருபத்துநாலு. வித்தியாசம் ஆறு. அட்டவணையில அறுபத்தொண்ணு. கண்ணு தெரியலையா?"

"ஈரத்துணிய அலமாரில வச்சு மூடினா காயுமா?"

"காயாது."

"உன் திரியும் துணிதானே. காயும்போதுதானே அது குளிரும். நீ காத்தே போகாம அடச்சு வச்சிருக்க. அது எப்படிக் குளிரும்?"

மேகம் யோசித்தான். பிறகு தம்பியாகிப்போனான். "நீ நூல ஒட்டு, போ."

அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. சிறுவயதில் அவன் பறித்த மிட்டாயைத் திருப்பி வாங்கியதும் இப்படித்தான். சாவி வந்தது.

பெட்டியைத் திறந்து, பாபின் அட்டைப்பெட்டியின் மூடியால் விசிறினாள். ஈரக்குமிழ் இருபத்துமூன்றரை ஆயிற்று. இருபத்துமூன்று. மூன்று நிமிஷத்தில் இருபத்திரண்டு. உலர்குமிழ் முப்பதை விட்டு அசையவில்லை.

"இது அழுகுணி ஆட்டம்," என்றான் மேகம். "விசிறினா இறங்கத்தான் செய்யும். நாள் பூரா விசிறினா பாலைவனம்னு காட்டும்."

"இந்தா, நீயே விசிறு."

அவன் பழி தீர்ப்பதுபோல விசிறினான். சட்டை நனைந்தது. இருபத்திரண்டு. வேகத்தைக் கூட்டினான். இருபத்திரண்டேதான். போதுமான காற்று கிடைத்ததும் திரி தன் கணக்கைச் சொல்லி முடித்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை.

வித்தியாசம் எட்டு. அட்டவணையில் விரல் ஓடியது. ஐம்பது.

"அட்டவணையே தப்போ என்னவோ," என்றான், குரல் கொஞ்சம் இறங்கி.

அக்கா பெட்டியின் கீழ்ச்சட்டத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. அது மறைத்திருந்த, அட்டவணையின் கடைசி வரி வெளியே தெரிந்தது: 'காற்று விநாடிக்கு மூன்று மீட்டருக்குக் குறையாமல் ஓடும்போது எடுத்த அளவுகளுக்கு மட்டும்.'

மேகம் அதை இரண்டு முறை படித்தான். மூன்று வாரமாக அறுபத்தொன்று என்று நம்பி, பாதித் தூவிகளை மூடி வைத்திருந்தவன் அவன்.

"எல்லாரும் சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். எழுது."

பதிவேட்டில் 50 என்று எழுதினான். பக்கத்தில் 'முந்தைய அளவுகள் பெட்டிக்குள் எடுத்தவை, தவறு' என்று எழுதி, கையெழுத்தும் போட்டான். பிறகு எல்லாத் தூவிகளையும் திறந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரிக்கு எதிரே ஒரு சின்ன மின்விசிறியை வைத்தான்.

மதியத்துக்குள் உலர்குமிழ் இருபத்தெட்டுக்கு இறங்கியது. ஈரக்குமிழ் இருபத்திரண்டிலேயே நின்றது. அட்டவணைப்படி ஐம்பத்தொன்பது. அக்காவின் கைமயிர் படிந்தது. பஞ்சுச் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் பேனாவோடு வந்தார். ஃபிரேம்களின் ஓரமாக ஒரு சுற்று நடந்தார். இரண்டு நூல்கள்தான் அறுந்திருந்தன. பதிவேட்டைப் படித்தார், மேகத்தைப் பார்த்தார், அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் கையிலிருந்த சீட்டு படபடத்தது.

அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"இது ஆடாம இருக்கட்டும்," என்றார்.

அக்கா மூன்றாவது நூலை ஒட்டப் போனாள்.